கட்டி கட்டியாகப் போகும் மாதவிடாய்: எவ்வளவு போனால் அதிகம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 43 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பாமாயில் மில்லில், லாரி எடை போடும் இடத்தில் வேலை. இரண்டு வருடமாக மாதவிடாய் ஒன்பது நாள் வரை போகிறது. முதல் மூன்று நாள் ஈரல் துண்டு மாதிரி கட்டி கட்டியாக விழுகிறது. போன மாதம் இரண்டாம் நாள் மட்டும் எட்டு பேட் மாற்றினேன். அதில் ஆறு சொட்டச் சொட்ட நனைந்தவை. மூன்று பெரிய கட்டியும் விழுந்தது. மாமியார் 'கெட்ட ரத்தம், போகட்டும்' என்கிறார். அக்கா கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார். டவுன் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை சாப்பிட்டவரை நின்றது, விட்டதும் முன்னைவிட மோசமாகக் கொட்டியது. இந்த வருடம் தே ஓ ஐஸ் வாங்கினால் ஐஸ் கட்டியையும் கடித்துத் தின்னாமல் இருக்க முடியவில்லை. உடம்பு சூடுதானே காரணம்? மகளுக்கு 14 வயது, அவளுக்கும் நிறையப் போகிறது. இது பரம்பரையா?

வணக்கம். உங்கள் கேள்விகளில் கடைசிக்கு முந்தியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐஸ் கட்டியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் முதலில் கவனித்தது அதைத்தான். உடம்பில் இரும்புச்சத்து காலியாகும்போது சிலருக்கு ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும் என்று அடக்க முடியாத ஆசை வரும். வேறு சிலர் பச்சை அரிசியை வாயில் போட்டு மெல்லுவார்கள். தோட்டத்துப் பாட்டிமார் பலருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அதை வெறும் கெட்ட பழக்கம் என்று திட்டியிருப்போம். இதற்கும் உடம்புச் சூட்டுக்கும் தொடர்பில்லை. இரும்பு மாத்திரை தொடங்கினால், ரத்தம் ஏறுவதற்கு முன்பே இந்த ஆசை அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் பயப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் இது. பதற வேண்டாம், ஆனால் இன்னொரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடவும் வேண்டாம். அடுத்த மாதவிடாய்க்குக் காத்திராமல் இந்த வாரமே ஒரு நாள் லீவு எடுத்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு போனால் 'அதிகம்' என்று கேட்டால், புத்தகக் கணக்கு ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிக்கு மேல் என்பது. சாதாரணமாகப் பெண்களுக்குப் போவது 30, 40 மில்லிதான். ஆனால் யாரும் அளவுக் குவளை வைத்துப் பிடித்துப் பார்ப்பதில்லை. அதனால் இப்போது டாக்டர்கள் மில்லிக் கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. உங்கள் வேலை, தூக்கம், வெளியே போய் வருவது ஆகியவற்றை அது தடுக்கிறது என்றால், அது அதிகம்தான். வாசலில் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும்போது நாற்காலியிலிருந்து எழுந்தால் பாவாடை என்ன நிலையில் இருக்குமோ என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருந்தால், எந்த அளவுகோலும் தேவையில்லை.

இருந்தாலும் எண்ணிக்கைக்கு ஒரு பயன் உண்டு. கவுண்டரில் 'நிறையப் போகுது' என்று சொன்னால் ஒன்று, நாள்வாரியாக எழுதிய தாளை நீட்டினால் இன்னொன்று. 1990ல் இங்கிலாந்தில் சில டாக்டர்கள் இதற்கு ஒரு எளிய புள்ளிக் கணக்கு வகுத்தார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. லேசாகக் கறை பட்ட பேடுக்கு 1 புள்ளி, பாதி நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சின்னக் கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. பேடைத் தாண்டி உடையிலோ மெத்தையிலோ வழிந்தால் அதற்கும் 5. மாதவிடாய் முழுவதற்கும் கூட்டி 100ஐத் தாண்டினால், போகும் ரத்தம் 80 மில்லிக்கு மேல் இருக்கக்கூடும் என்று அர்த்தம்.

உங்கள் இரண்டாம் நாளை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். முழுக்க நனைந்த ஆறு பேடுக்கு 120. மீதி இரண்டும் பாதி நனைந்தவை என்று வைத்தால் 10. மூன்று பெரிய கட்டிக்கு 15. மொத்தம் 145. ஒன்பது நாளில் ஒரே நாளில் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். மற்ற எட்டு நாளைக் கூட்டவே வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. அது அந்தக் காலத்துப் பேடை வைத்துப் போடப்பட்டது. இப்போது விற்கும் நீளமான நைட் பேட் அதைவிட அதிகமாக உறிஞ்சும், மெல்லிய பேட் சீக்கிரம் நிறையும். அதனால் எழுதி வைக்கும் மாதத்தில் ஒரே ரகப் பேடைப் பயன்படுத்துங்கள். எத்தனை மாற்றினீர்கள் என்பதைவிட, மாற்றும்போது அது எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். சுத்தத்துக்காக நாளைக்கு எட்டு மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அதிக ரத்தப்போக்கு ஆகாது.

சரி, கட்டிக்கு வருவோம். மாதவிடாய் ரத்தம் பொதுவாக உறையாமல் திரவமாகவே வெளியே வர வேண்டியது. கர்ப்பப்பையின் உள்சுவரே அதற்கான பொருள்களைச் சுரந்து, உறையத் தொடங்கும் ரத்தத்தைக் கரைத்துவிடும். ரத்தம் மெதுவாக வரும்போது இந்த வேலை சரியாக நடக்கும். வேகமாக வந்து தேங்கினால் கரைப்பதற்கு நேரம் போதாது. தேங்கியது உறைந்து, கர்ப்பப்பை சுருங்கும்போது கட்டியாக வெளியே தள்ளப்படும். அப்போது வரும் இறுக்கிப் பிடிக்கிற வலிக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆக, கட்டி என்பது தனி நோய் இல்லை. ரத்தம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கான அடையாளம். அதில் 'கெட்டது' என்று எதுவும் கிடையாது. உங்கள் கைநரம்பில் ஓடுகிற அதே ரத்தம்தான். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு விட்டுவிடவும் வேண்டாம்.

எல்லாக் கட்டியும் கவலைக்குரியதில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒன்றிரண்டு சின்னக் கட்டி விழுவது பலருக்கும் உண்டு. ராத்திரி படுத்திருக்கும்போது தேங்கியது எழுந்ததும் இறங்குகிறது, அவ்வளவுதான். அளவுக்கு, கைப்பையில் இருக்கும் 50 காசை எடுத்துப் பாருங்கள். இப்போதைய மஞ்சள் நிற 50 காசின் குறுக்களவு இரண்டே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டாக்டர்கள் வைத்திருக்கும் கோடு சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்தக் காசைவிடப் பெரிய கட்டி மாதா மாதம் விழுந்தால் அதைப் 'பெரியது' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்தது உண்மையிலேயே உறைந்த ரத்தம்தானா என்றும் பார்க்க வேண்டும். உறைந்த ரத்தம் கருஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்கும். டிஷ்யூவில் வைத்து அழுத்தினால் நசுங்கிக் கலைந்துவிடும். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ, அழுத்தினால் உடையாத சதை போல ஏதாவது வந்தால், சுத்தமான டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். அது கரு கலைந்ததாக இருக்கலாம். 43 வயதில் யாருக்கு என்று சிரிக்காதீர்கள். மாதவிடாய் முன்பின்னாக வரும் இந்த வயதில்தான் தெரியாமல் கரு தங்குவதும் நடக்கிறது. எந்த டாக்டராக இருந்தாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்வார். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தாலும் அதைச் செய்துவிடுங்கள்.

இப்போது அவசரம் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து, அப்படியே தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கிளினிக்குக்குப் போக வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, மயக்கம் வருகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றாலும் அதேதான். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு ரத்தம் போனாலும், ஒரு பக்கம் அடிவயிறு கடுமையாக வலித்தாலும் காத்திருக்கக் கூடாது. அந்த நிலையில் நீங்களே மோட்டார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். யாரையாவது அழைத்துப் போகச் சொல்லுங்கள், ஆள் இல்லையென்றால் 999க்கு அடியுங்கள். தோட்டத்து உள்சாலையில் மயங்கி விழுந்தால் கண்ணில் படுவதற்கே நேரமாகும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நீங்கள் அந்த அளவில் இப்போது இல்லை. உங்களுக்கு நடப்பது மெல்ல மெல்ல வடிகிற நஷ்டம். அதை இரும்புக் கணக்கில் பார்த்தால் புரியும். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லி போனால் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து நம் குடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்று, மிஞ்சினால் இரண்டு மில்லிகிராம். அதிலும் ஒன்று உடம்பின் அன்றாடத் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். மீதியை வைத்து மாதா மாதம் 40, 50 மில்லிகிராமை ஈடுகட்ட முடியாது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் இந்தப் பள்ளத்தை அவற்றால் நிரப்ப முடியும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உடம்பு முதலில் சேமிப்பில் இருக்கும் இரும்பை எடுத்துச் செலவு செய்யும். அப்போது ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'ஓகே' என்பார்கள். ஆனால் அலுப்பு, முடி கொட்டுவது, படியேறினால் மூச்சு வாங்குவது, ஐஸ் ஆசை எல்லாம் அப்போதே தொடங்கிவிடலாம். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இது வருடக்கணக்கில் மெதுவாக இறங்குவதால் உடம்பு பழகிவிடும். 7 கிராமை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், சமைத்து, துணி துவைத்து, 'கொஞ்சம் அசதிதான் டாக்டர்' என்று சொல்கிற பெண்கள் வருவதுண்டு.

அதனால் ஹீமோகுளோபினோடு சேர்த்து ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் கேளுங்கள். சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை அதுதான் காட்டும். எல்லா கிளினிக்கிலும் அன்றைக்கே முடிவு கிடைக்காது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். முடிவு வந்ததும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சில லேப்களின் தாளில் 15 இருந்தாலே 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும். 30க்குக் கீழே இருந்தால் இரும்பு குறைவு என்றுதான் இப்போது எடுத்துக்கொள்கிறோம். இன்னொரு விஷயம்: நம் நாட்டில் தலசீமியா மரபு உள்ளவர்கள் கணிசம். அவர்களுக்கும் ரத்த அணுக்கள் சின்னதாக, ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகத் தெரியும். இரும்புக் குறைவா, தலசீமியாவா, இரண்டுமா என்று பிரித்துப் பார்க்கவும் ஃபெரிட்டின் உதவும்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தானுக்கே போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். கவுண்டரிலோ தாதியிடமோ 'ஹைட் பன்யாக், கெலுவார் டாரா பெக்கு பெசார்' என்று சொல்லி, எழுதி வைத்த தாளையும் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையையும் காட்டுங்கள். ஜாமு, நாட்டு மருந்து, ஆன்லைனில் வாங்கிய டானிக் ஏதாவது குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, ஆஸ்பிரின் போன்றவை சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும். செம்பு லூப் போட்டிருந்தால் அதுவும் ரத்தப்போக்கைக் கூட்டும். அங்கிருந்து ஸ்கேனுக்கும் மகப்பேறு நிபுணருக்கும் ஈப்போவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்த அப்பாயின்மென்ட் கிடைக்க வாரங்கள் ஆகலாம். அதுவரை வெறுங்கையோடு திரும்பாதீர்கள். இரும்பு மாத்திரையும் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

43 வயதில் இப்படிப் போவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இரண்டு காரணங்களை. ஒன்று கர்ப்பப்பையிலேயே இருக்கும் ஏதோ ஒன்று: ஃபைப்ராய்டு என்னும் தசைக்கட்டி, உள்சுவரிலிருந்து தொங்கும் சதை வளர்ச்சியான பாலிப், அல்லது உள்சுவர் தசைக்குள்ளேயே ஊடுருவி கர்ப்பப்பை முழுதும் வீங்குகிற அடினோமயோசிஸ். ஃபைப்ராய்டு என்றதும் எல்லோரும் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கிறார்கள். ரத்தப்போக்கைப் பொறுத்தவரை அளவைவிட இடம்தான் முக்கியம். கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் எட்டு சென்டிமீட்டர் வளர்ந்தது சும்மா இருக்கும். உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சென்டிமீட்டர் ஒருவரைப் படுக்க வைத்துவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று ஹார்மோன். நாற்பதுகளில் சில மாதங்களில் சினைமுட்டை வெளிவருவதில்லை. அப்படி நடந்தால் உள்சுவரைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்ட்ரோன் சுரக்காது. உள்சுவர் தன்பாட்டில் தடித்துக்கொண்டே போய், ஒரு நாள் ஒழுங்கில்லாமல் பெயர்ந்து கொட்டும். நீங்கள் சொன்ன கிளினிக் மாத்திரை பெரும்பாலும் செயற்கைப் புரோஜெஸ்ட்ரோனாக இருக்கும். சாப்பிடும்வரை சுவரைத் தாங்கிப் பிடிக்கும், நிறுத்தியதும் எல்லாம் ஒன்றாக இறங்கும். அது மாத்திரை கெட்டது என்பதாலோ கிளினிக் ஏமாற்றியது என்பதாலோ இல்லை. நிறுத்தினால் இப்படி வரும், இத்தனை நாள் சாப்பிட வேண்டும், அதற்குள் காரணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அதுதான் குறை.

இப்படித் தடித்த சுவரில்தான், குறைவானவர்களுக்கு, அணுக்கள் மாறி புற்றுநோய்க்கு முந்திய நிலையோ புற்றுநோயோ வருகிறது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்சுவரிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். உங்களுக்கு இரண்டு வயது குறைவு. ஆனாலும் உடல் எடை அதிகம், சர்க்கரை நோய், வருடக்கணக்கில் முன்பின்னான மாதவிடாய், மாத்திரைக்கு அடங்காத ரத்தப்போக்கு என்று ஏதாவது இருந்தால் வயதைப் பார்த்துக் காத்திருக்க மாட்டேன். நம்மவர்களுக்குச் சர்க்கரை அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். பரிசோதனை பெரிய காரியம் இல்லை. ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு இழுப்பார்கள், மயக்க மருந்து வேண்டியதில்லை, சில நிமிடம் மாதவிடாய் வலி போல இறுக்கும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

மாத்திரைகளைப் பற்றி. ரத்தப்போக்கைக் குறைக்க முதலில் கொடுப்பது டிரானெக்ஸாமிக் ஆசிட். வழக்கமான அளவு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ரத்தம் அதிகம் போகும் நாள்களில் மட்டும், நான்கு நாள் வரை. மாதம் முழுக்கச் சாப்பிடுவது இல்லை. பலருக்குப் போக்கு பாதிக்குக் கிட்டக் குறைகிறது. பெண்கள் கேட்கும் ஒரு கேள்வி: இது ரத்தத்தை உறைய வைக்கிற மாத்திரைதானே, கட்டி கூடிவிடாதா? இது புதிதாக உறைய வைப்பதில்லை. அறுபட்ட ரத்தக்குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும் உறைவு கரையாமல் பார்த்துக்கொள்கிறது. மொத்தத்தில் வெளியேறுவது குறைவதால் பெரிய கட்டிகளும் குறையும். ஆனால் காலிலோ நுரையீரலிலோ முன்பு ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் மிச்சம் வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இல்லை இது.

வீட்டு டிராயரில் கிடக்கும் போன்ஸ்டானும் கொஞ்சம் உதவும். வலியோடு ரத்தப்போக்கையும் ஓரளவு குறைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் வேண்டாம்.

இரும்பு மாத்திரையை ஒரு நாளைக்கு ஒன்று சாப்பிட்டால் போதும். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் நன்றாக ஏறும். தேத்தண்ணீரோடும் பாலோடும் சேரக் கூடாது. உங்கள் தே ஓ ஐஸை மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஓரிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். மலம் கறுப்பாகப் போவது சகஜம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். நாலு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் ஒன்று, இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை சரியாகப் போகவில்லை, அல்லது போவதுதான் வருவதைவிட அதிகம், அல்லது வேறு காரணம் உண்டு. 12 வந்ததும் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சேமிப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

அக்கா சொன்ன ஆபரேஷனுக்கு வருகிறேன். கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிச்சயம் நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பெரிய ஆபரேஷன்; வாரக்கணக்கில் கனம் தூக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது. காரணமே தெரியாமல் அங்கிருந்து தொடங்குவது முறையில்லை. இடையில் ஹார்மோன் லூப் என்று ஒன்று உண்டு. கர்ப்பப்பைக்குள் வைத்தால் அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புரோஜெஸ்ட்ரோன் கசிந்து உள்சுவரை மெலிதாக வைத்திருக்கும். மேலே சொன்ன செம்பு லூப் வேறு, இது வேறு. முதல் சில மாதங்கள் தினமும் கறை பட்டு எரிச்சல் மூட்டும். அதிலேயே வெறுத்துப் போய் எடுக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதம் தாக்குப் பிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தம் வெகுவாகக் குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. உள்ளறையைச் சிதைக்கும் ஃபைப்ராய்டு இருந்தால் லூப் நிற்காமல் வெளியே வந்துவிடலாம். அப்போது அந்தக் கட்டியை மட்டும் எடுப்பதைப் பற்றி நிபுணரிடம் பேசலாம். இவை எல்லாம் பலிக்காதபோது ஆபரேஷன் நல்ல தீர்வுதான், அதில் வெட்கப்படவோ பயப்படவோ ஒன்றுமில்லை. முடிவு உங்களுடையது, அக்காவுடையது இல்லை.

கடைசியாக உங்கள் மகள். அவளுக்கு நடப்பதும் உங்களுக்கு நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் சினைமுட்டை ஒழுங்காக வராததால் ரத்தப்போக்கு ஏறுமாறாக இருப்பது வழக்கம். ஆனால் பிறவியிலேயே ரத்தம் உறைவதில் குறை உள்ளவர்களுக்கு முதல் மாதவிடாயிலிருந்தே கொட்டும், அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவளிடம் கேளுங்கள்: மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போகிறதா, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா, காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டு விழுகிறதா. உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு வருடத்துக்கு முன்பு எப்படி இருந்தது, பல் பிடுங்கியபோதும் பிரசவத்தின்போதும் ரத்தம் நிற்கக் கஷ்டப்பட்டதா? இவற்றில் ஏதாவது 'ஆமாம்' என்றால், ரத்தம் சரியாக உறையாத வான் வில்லிபிராண்ட் நோய்க்கான பரிசோதனை வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அது குடும்பத்தில் வரக்கூடியது. எதுவும் இல்லை என்றாலும் அவளுடைய ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்கூல் லீவு நாளில் உங்களோடு அதே கிளினிக்குக்கு அழைத்துப் போனால் ஒரே நடையில் முடியும்.